‘ஸரஸ்வதி நமஸ்துப்யம்’: சிறுவர்களுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லித் தருவது எப்படி?

தமிழ் வீடுகளில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் சமஸ்கிருத சுலோகங்களில் இதுவும் ஒன்று. விஜயதசமி அன்று ஏடு தொடங்கும்போது சொல்வார்கள், பல வீடுகளில் தினமும் படிக்க உட்காருமுன் சொல்வார்கள். ஐந்து வயதுக் குழந்தைகூடத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்துவிடும். ஆனால் ‘துப்யம் என்றால் என்ன?’ என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளையும் விழிக்கும். இரண்டே வரி, மொத்தம் ஒன்பது சொற்கள். முறையாக எடுத்துக்கொண்டால் மூன்று நான்கு சிறு அமர்வுகளில், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை முழுக்கப் புரிய வைத்துவிடலாம். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இந்தச் சுலோகத்தை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இதில் உள்ள பாதிக்கு மேற்பட்ட சொற்களின் உறவுக்காரர்கள் ஏற்கெனவே தமிழில் புழங்குகிறார்கள். இலக்கணமும் பல இடங்களில் தமிழோடு ஒட்டிப் போகிறது. ஒட்டாத இடங்கள் சில உண்டு. பிள்ளைகள் தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதல் படி: சரியாக எழுதிக்கொள்வது

பொருளுக்குப் போகுமுன் சுலோகத்தை நோட்டில் எழுத வைக்க வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதலாம், ஆனால் எண் குறியோடு எழுத வேண்டும்.

ஸரஸ்வதி நமஸ்துப்⁴யம் வரதே³ காமரூபிணி |
வித்³யாரம்ப⁴ம் கரிஷ்யாமி ஸித்³தி⁴ர்ப⁴வது மே ஸதா³ ||

சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் தலைமேல் இப்படி எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமஸ்கிருதத்தில் த என்ற வரிசைக்கு நான்கு ஒலிகள், ப என்ற வரிசைக்கும் நான்கு. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துதான். அதனால் எண்ணைச் சேர்த்து வேறுபடுத்துகிறோம். எண் இல்லாவிட்டால் அது முதல் ஒலி: ‘தலை’யில் வரும் த, ‘பல்’லில் வரும் ப. மூன்று என்று இருந்தால் மெலிந்த ஒலி: ‘பந்து’வில் வரும் து, ‘கம்பு’வில் வரும் பு. நான்கு என்று இருந்தால் அதே மெலிந்த ஒலியை மூச்சுக் காற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஒலி இந்தச் சுலோகத்தில் வரவே இல்லை, அதை இப்போது விட்டுவிடலாம்.

நான்காம் ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க எளிய வழி: உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். ‘கம்பு’ என்னும்போது கையில் காற்று அவ்வளவாகப் படாது. ‘ப⁴வது’ என்னும்போது முதல் எழுத்திலேயே காற்று தட்ட வேண்டும். இந்தச் சுலோகத்தில் அப்படிக் காற்றுத் தட்டும் இடங்கள் நான்கு: துப்⁴யம், ரம்ப⁴ம், தி⁴ர், ப⁴வது.

இங்கே தமிழ்ப் பழக்கம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். தமிழில் சொல்லின் முதலில் வரும் ப வன்மையாக ஒலிக்கும். இரண்டு உயிரோசைகளுக்கு நடுவே வரும் து மெலிந்து ஒலிக்கும். ஆகவே ‘பவது’ என்று எண் இல்லாமல் எழுதியிருந்தால் பிள்ளை முதல் எழுத்தை அழுத்தியும் கடைசி எழுத்தை மெலித்தும் படிக்கும். சரியான உச்சரிப்பு நேர் எதிர்: முதல் எழுத்து மெலிய வேண்டும், கடைசியில் உள்ள து ‘துணி’யின் து போல வன்மையாக வர வேண்டும். ‘ஸரஸ்வதி’யின் தி-யும் அப்படித்தான், ‘திரை’யில் வரும் தி. ‘வரதே³’, ‘ஸதா³’ இரண்டும் தமிழ்ப் பழக்கத்தாலேயே சரியாக வந்துவிடும்.

அப்புறம் எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். மெய்யெழுத்தைத் தனியாக எண்ணாமல், உயிரோசை உள்ள துண்டுகளை மட்டும் எண்ண வேண்டும். ஸ-ர-ஸ்வ-தி-ந-மஸ்-துப்⁴-யம்: எட்டு. வ-ர-தே³-கா-ம-ரூ-பி-ணி: எட்டு. வித்³-யா-ரம்-ப⁴ம்-க-ரிஷ்-யா-மி: எட்டு. ஸித்³-தி⁴ர்-ப⁴-வ-து-மே-ஸ-தா³: எட்டு. ஆக நான்கு பாதம், முப்பத்திரண்டு எழுத்து. இந்த யாப்புக்கு அனுஷ்டுப் என்று பெயர். பிள்ளைக்குப் பெயர் முக்கியமில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு முறை நிறுத்திச் சொல்லலாம் என்பது தெரிந்தால் போதும். ஒரு பாதத்தில் ஏழோ ஒன்பதோ வந்தால் எங்கோ ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறது அல்லது கூட்டியிருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் படி: சேர்ந்திருக்கும் சொற்களைப் பிரிப்பது

இதற்குப் பதம் பிரித்தல் என்று பெயர். இந்த இரண்டு வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் மூன்று.

எளியதிலிருந்து தொடங்குங்கள். வித்³யாரம்ப⁴ம் என்பது வித்³யா + ஆரம்ப⁴ம். ஆ-வும் ஆ-வும் சேர்ந்து ஒரே ஆ. பிள்ளை பள்ளிப் பெயர்ப்பலகையில் ‘வித்யாலயா’ என்று படித்திருக்கும். அதுவும் வித்யா + ஆலயா தான். இதைச் சொல்லாமல் விட்டால் பல பிள்ளைகள் ‘வித்யா’ என்று நிறுத்தி ‘ரம்பம்’ என்று தனியாகச் சொல்லும். ரம்பம் என்றால் மரம் அறுக்கும் கருவியாயிற்றே, அது ஏன் சுலோகத்தில் வருகிறது என்று கேட்கவும் செய்யும். பதம் பிரிக்கத் தெரியாததால் வரும் நியாயமான கேள்வி அது.

இரண்டாவது, நமஸ்துப்⁴யம். இது நம: + துப்⁴யம். நம: என்பதன் கடைசியில் இருக்கும் இரட்டைப் புள்ளிக்கு விசர்க்கம் என்று பெயர், மூச்சை விட்டது போல லேசான ‘ஹ’ ஓசை. அடுத்து எந்த எழுத்து வருகிறதோ அதைப் பார்த்து விசர்க்கம் உருமாறும். த வந்தால் ஸ் ஆகும்: நமஸ்துப்⁴யம். பிள்ளைக்கு இது புதிதாகத் தோன்றினால், அது ஏற்கெனவே அறிந்த இரண்டு மந்திரங்களைச் சொல்லிக் காட்டுங்கள். நம: + சிவாய, நமச்சிவாய ஆகிறது. நம: + நாராயணாய, நமோ நாராயணாய ஆகிறது. நமஸ், நமச், நமோ மூன்றும் ஒரே சொல். இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தினமும் சொல்லும் மூன்று வேறு வேறு ஒலிகள் ஒன்றாகிவிடுகின்றன அல்லவா!

மூன்றாவது, ஸித்³தி⁴ர்ப⁴வது. இது ஸித்³தி⁴: + ப⁴வது. இங்கே விசர்க்கம் ர் ஆகிவிட்டது. கூர்மையான பிள்ளை உடனே கேட்கும்: ‘நமோ என்று ஓ வந்ததே, இங்கே ஏன் ர் வந்தது?’ கேட்டால் மகிழ்ந்து பதில் சொல்லுங்கள். அடுத்த சொல் மெலிந்த ஒலியில் தொடங்கும்போது, விசர்க்கத்துக்கு முன்னால் அ இருந்தால் இரண்டும் சேர்ந்து ஓ ஆகும். இ அல்லது உ இருந்தால் விசர்க்கம் ர் ஆகும். நம: என்பதில் விசர்க்கத்துக்கு முன் அ, ஸித்³தி⁴: என்பதில் இ. இரண்டையும் ஒரே இடத்தில் காட்ட இன்னொரு பழகிய அடி இருக்கிறது: கு³ருர்தே³வோ மஹேச்வர:. கு³ரு: என்பதில் உ இருப்பதால் கு³ருர் ஆயிற்று, தே³வ: என்பதில் அ இருப்பதால் தே³வோ ஆயிற்று. எட்டு வயதுப் பிள்ளைக்கு விதி வேண்டாம், இந்த எடுத்துக்காட்டு போதும். கேட்காத பிள்ளையிடம் இதையும் சொல்ல வேண்டாம். ‘ஸித்³தி⁴: + ப⁴வது’ என்று பிரித்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

பிரித்து முடித்ததும் நோட்டில் இப்படி இருக்கும்: ஸரஸ்வதி, நம:, துப்⁴யம், வரதே³, காமரூபிணி, வித்³யாரம்ப⁴ம், கரிஷ்யாமி, ஸித்³தி⁴:, ப⁴வது, மே, ஸதா³. எண்ணினால் பதினொன்று வருகிறது. ஒன்பது என்று முதலில் சொன்னது, அச்சில் இடைவெளி விட்டு எழுதியபடி எண்ணியது. நமஸ்துப்⁴யம், ஸித்³தி⁴ர்ப⁴வது ஆகியவற்றைப் பிரித்ததால் இரண்டு கூடிவிட்டன. வித்³யாரம்ப⁴ம் தொகைச் சொல், உள்ளே இரண்டு இருந்தாலும் ஒன்றாகவே வைக்கிறோம்.

மூன்றாம் படி: கூப்பிடும் சொற்கள்

முதல் சொல்லிலிருந்து வரிசையாகப் பொருள் சொல்லிக்கொண்டு போவதைவிட, ஒரே வேலை செய்யும் சொற்களைச் சேர்த்து எடுத்தால் நன்றாகப் பதிகிறது. இங்கே மூன்று சொற்கள் கூப்பிடும் சொற்கள்: ஸரஸ்வதி, வரதே³, காமரூபிணி. தமிழில் எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை. சமஸ்கிருதத்திலும் அதற்கு அதே வேலைதான்.

தமிழில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயர் சற்று மாறும். கண்ணன் என்பவனைக் கண்ணா என்போம், தம்பியைத் தம்பீ என்று நீட்டுவோம். சமஸ்கிருதத்தில் பெயர் ‘ஸரஸ்வதீ’ என்று நெடிலில் முடிகிறது. கூப்பிடும்போது அது குறுகி ‘ஸரஸ்வதி’ ஆகிறது. நாம் இகரத்தை நீட்டிக் கூப்பிடுகிறோம், அவர்கள் ஈகாரத்தைக் குறுக்கிக் கூப்பிடுகிறார்கள்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். பக்தியோடு ராகம் போட்டுச் சொல்லும்போது ‘ஸரஸ்வதீ… காமரூபிணீ’ என்று இழுத்துவிடுவார்கள், தமிழ்க் காதுக்கு அதுதான் கூப்பிடுவது போல இருக்கும். சமஸ்கிருதத்திலோ, நீட்டினால் அது ‘ஸரஸ்வதி என்பவள்’ என்று யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல ஆகிவிடும்; எதிரே நிற்பவளை அழைப்பதாக ஆகாது. இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழில் நாம் அவள் பெயரையே ‘சரஸ்வதி’ என்று குறிலில் எழுதுகிறோம், ‘நதீ’யை ‘நதி’ என்று ஆக்கிக்கொண்டது போல. அதனால் சுலோகத்தில் உள்ளதும் வெறும் பெயர்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். நோட்டில் ‘ஸரஸ்வதீ: பெயர். ஸரஸ்வதி: ஸரஸ்வதியே!’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வையுங்கள்.

ஸரஸ் என்றால் நீர்நிலை. வதீ என்றால் உடையவள், ‘குணவதி’, ‘பாக்கியவதி’ என்பதில் வருவது. நீரை உடையவள் என்று ஒரு நதியின் பெயராகவும் தெய்வத்தின் பெயராகவும் ரிக் வேதத்திலேயே இது வருகிறது. கதை கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடந்து போகலாம்.

வரதே³: வரம் தருபவளே. வர + தா³, தா³ என்பது தருபவள். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பெயர் தெரிந்திருக்கும், வரதன் என்று யாராவது உறவினர்கூட இருப்பார். ஆணுக்கு வரதன், பெண்ணுக்கு வரதா³. ஆ-வில் முடியும் பெண்பாற் பெயரைக் கூப்பிடும்போது ஆ போய் ஏ வரும்: வரதா³, வரதே³. ஸீதா, ஸீதே.

காமரூபிணி: இதைச் சொல்லும்போது பெரியவர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். காம என்றால் விருப்பம், கேட்டதை எல்லாம் தரும் பசுவுக்குக் காமதேனு என்று பெயர் வந்தது இந்தச் சொல்லால்தான். ரூப என்றால் வடிவம். காமரூபிணீ என்றால் தான் விரும்பிய வடிவத்தை எடுக்கக் கூடியவள். கூப்பிடுவதால் ஈ குறுகிக் காமரூபிணி. சிலர் இதற்கு ‘விருப்பங்களை நிறைவேற்றுபவளே’ என்று பொருள் சொல்வதுண்டு. வேண்டுதலுக்கு அது பொருத்தமாக இருக்கலாம், ஆனால் சொல்லில் ரூபம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் சொல்லுக்குச் சொல் பார்ப்பது நின்றுவிடும். ‘அவள் எதற்கு விரும்பிய வடிவம் எடுக்க வேண்டும்?’ என்று பிள்ளை கேட்டால், படிப்பவருக்கு ஏற்றபடி இசையாகவும் கணக்காகவும் மொழியாகவும் வருபவள் என்று சொல்லலாம். அது நாம் சேர்க்கும் விளக்கம். சொல்லின் நேர்ப்பொருள் வேறு. இந்த வேறுபாட்டையும் பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது.

நான்காம் படி: உனக்கு, எனக்கு

துப்⁴யம் என்றால் உனக்கு. மே என்றால் எனக்கு. இரண்டு குட்டிச் சொற்கள், ஆனால் சுலோகத்தின் கட்டுமானம் இவற்றில்தான் நிற்கிறது. முதல் வரியில் ‘உனக்கு வணக்கம்’, இரண்டாம் வரியில் ‘எனக்கு ஸித்³தி⁴’. கொடுப்பது முதலில், கேட்பது பிறகு.

நம: என்றால் வணக்கம். யாருக்கு வணக்கமோ அந்தச் சொல் நான்காம் வேற்றுமையில் வரும். தமிழிலும் அது நான்காம் வேற்றுமைதான், ‘கு’ உருபு. உன் + கு, உனக்கு. முன்பு பார்த்த நமச்சிவாய, நமோ நாராயணாய இரண்டிலும் கடைசியில் வரும் ‘ஆய’தான் அந்தக் ‘கு’: சிவனுக்கு வணக்கம், நாராயணனுக்கு வணக்கம். துப்⁴யம் என்ற சொல்லில் ‘ஆய’ இல்லையே என்றால், நீ, நான் போன்ற சொற்கள் தனி வழியில் மாறுபவை. தமிழிலும் ‘நீக்கு’ என்று வராமல் ‘உனக்கு’ என்றுதானே வருகிறது.

இந்த முதல் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. ‘உனக்கு வணக்கம்’ என்று தமிழிலும் வினை இல்லாமலே முடித்துவிடுகிறோம். ‘வணங்குகிறேன்’ என்று பொருள் எழுதினால் தவறில்லை. ஆனால் ‘இதில் எந்தச் சொல்லுக்கு வணங்குகிறேன் என்று அர்த்தம்?’ என்று பிள்ளை தேடும். ‘உனக்கு வணக்கம்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெய்வத்தை நீ என்று சொல்லலாமா என்று கேட்கும் பிள்ளையும் உண்டு. துப்⁴யம் ஒருமைதான், தமிழ்ப் பாடல்களிலும் தெய்வத்தை நீ என்றே அழைக்கிறோம்.

மே என்ற சொல்லுக்கு ‘எனக்கு’, ‘என்னுடைய’ இரண்டு பொருளும் உண்டு. இங்கே ‘எனக்கு’ நன்றாகப் பொருந்துகிறது.

ஐந்தாம் படி: செய்வேன், ஆகட்டும்

மிச்சமிருப்பவை வித்³யாரம்ப⁴ம், கரிஷ்யாமி, ஸித்³தி⁴:, ப⁴வது, ஸதா³.

வித்³யா என்றால் கல்வி, அறிவு. நாம் சொல்லும் ‘வித்தை’யும் இதுவே. ஆரம்ப⁴ம் பிள்ளைக்குத் தெரிந்த சொல், ஆனால் அங்கேயே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் ஆரம்பம் என்பது வெறும் பெயர், ம் அதன் வால். சமஸ்கிருதத்தில் வெறும் பெயர் ஆரம்ப⁴:, அதில் ம் வந்தால் ‘ஐ’ உருபு ஏறிவிட்டது என்று பொருள். எனவே வித்³யாரம்ப⁴ம் என்பதைக் ‘கல்வித் தொடக்கம்’ என்று எழுதக் கூடாது. ‘கல்வித் தொடக்கத்தை’ என்று எழுத வேண்டும். இது சரியாக இருந்தால்தான் அடுத்த சொல்லோடு சேரும். எதைச் செய்வேன்? தொடக்கத்தைச் செய்வேன்.

கரிஷ்யாமி இந்தச் சுலோகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல். செய்வேன் என்று பொருள். தமிழில் செய்வேன் என்பதைப் பிரித்தால் செய் + வ் + ஏன்: செய் செயலைச் சொல்கிறது, வ் எதிர்காலத்தைச் சொல்கிறது, ஏன் ‘நான்’ என்று சொல்கிறது. கரிஷ்யாமியும் அதே மூன்று துண்டு, அதே வரிசை: கர் செயல், இஷ்ய எதிர்காலம், மி நான். இதைப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள். அப்புறம் கடைசித் துண்டை மட்டும் மாற்றுங்கள்: கரிஷ்யாமி, செய்வேன், கரிஷ்யஸி, செய்வாய், கரிஷ்யதி, செய்வான் அல்லது செய்வாள். நான் என்ற சொல் தனியாக இல்லாமல் வினைக்குள்ளேயே இருப்பதும் தமிழ் போலத்தான். வீட்டில் பூஜை, சடங்குகளில் ‘கரிஷ்யே’ என்று கேட்டிருக்கும் பிள்ளை, இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒரே வினையின் இன்னொரு வடிவம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

ஸித்³தி⁴: என்றால் கைகூடுதல், நிறைவேறுதல். சித்தர், ‘காரிய சித்தி’ என்பவையெல்லாம் இதன் வழி வந்தவை. எண் குறி இல்லாமல் சித்தி என்று எழுதினால் அம்மாவின் தங்கை நினைவுக்கு வந்துவிடுவாள், வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும். பிறகு ஸித்³தி⁴: என்று காற்றோடு சொல்ல வைத்தால் இரண்டும் வேறு என்று நாக்கே சொல்லிவிடும்.

ப⁴வது என்றால் ஆகட்டும், உண்டாகட்டும். தமிழில் வாழ்க, ஆகுக என்ற வியங்கோள் போன்றது. ‘ஆகும்’ என்று உறுதி சொல்வதாகவோ, ‘ஆக்கு’ என்று ஏவுவதாகவோ பொருள் எழுதிவிடக் கூடாது. கதைகளில் முனிவர் ‘ததாஸ்து’ என்று வரம் தருவாரே, ததா + அஸ்து, அப்படியே ஆகட்டும். அந்த அஸ்துவும் இதே வகை.

ஸதா³ எப்போதும். தமிழில் ‘சதா படித்துக்கொண்டே இருக்கிறான்’ என்கிறோம். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆறாம் படி: தமிழ் வரிசையில் அடுக்குவது

சமஸ்கிருதத்தில் சொற்களை இடம் மாற்றி வைத்தாலும் பொருள் மாறாது, உருபு சொல்லோடு ஒட்டியே இருப்பதால். செய்யுளில் ஓசைக்காக மாற்றித்தான் வைப்பார்கள். அதை வாக்கியமாக அடுக்குவதற்கு அன்வயம் என்று பெயர். முதலில் கூப்பிடும் சொற்கள், பிறகு மற்றவை, கடைசியில் வினை. மூன்று வாக்கியங்கள் கிடைக்கின்றன.

வரதே³! காமரூபிணி! ஸரஸ்வதி! துப்⁴யம் நம:.
வித்³யாரம்ப⁴ம் கரிஷ்யாமி.
மே ஸதா³ ஸித்³தி⁴: ப⁴வது.

ஒவ்வொன்றின் கீழும் பிள்ளையே பொருள் எழுத வேண்டும். நீங்கள் சொல்லி எழுத வைக்காதீர்கள். சரியாகச் செய்திருந்தால் இப்படி வரும்: வரம் தருபவளே! விரும்பிய வடிவம் எடுப்பவளே! ஸரஸ்வதியே! உனக்கு வணக்கம். கல்வித் தொடக்கத்தைச் செய்வேன். எனக்கு எப்போதும் கைகூடுதல் உண்டாகட்டும்.

இதில் கடைசி இரண்டும் கொஞ்சம் மரத்துப்போன தமிழாக இருக்கின்றன. இப்போது அதை நல்ல தமிழாக்கலாம்: ‘நான் படிக்கத் தொடங்கப் போகிறேன். எனக்கு எப்போதும் எல்லாம் நன்றாகக் கைகூடட்டும்.’ முதலில் சொல் மாறாத பொருள், அப்புறம் பேசும் தமிழ். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலிலேயே அழகான பொழிப்புரையைக் கொடுத்துவிட்டால், எந்தச் சொல் எதற்கு என்று பிள்ளை தேடிப் பார்க்காது. சில நூல்களில் ‘தாயே, அறியாத சிறியேனுக்கு அருள் புரிவாய்’ என்பது போலப் பொருள் எழுதியிருப்பார்கள். தாயும் இல்லை, சிறியேனும் இல்லை, அருளும் இல்லை. உணர்வு மட்டும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் படிக்கும் பிள்ளைக்கு அது உதவாது.

ஏழாம் படி: புரிந்ததா என்று பார்ப்பது

ஒப்பிக்கச் சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை, அது முன்பே தெரியும். இடையிலிருந்து கேளுங்கள். ‘எனக்கு என்ற சொல் எது?’ ‘செய்வேன் என்பதை நீ செய்வாய் என்று மாற்று.’ ‘ஸரஸ்வதீ என்று நீட்டினால் என்ன ஆகும்?’ இந்த மூன்றில் இரண்டுக்குப் பதில் வந்தால் போதும்.

அதன் பிறகு, பொருள் சொல்லிக் கொடுக்காமல் வேறொரு பாதி சுலோகத்தை எழுதிக் கொடுங்கள்:

விநாயக நமஸ்துப்⁴யம் ஸததம் மோத³கப்ரிய |

எழுத்தை எண்ணச் சொல்லுங்கள், எட்டும் எட்டும் வரும். நமஸ்துப்⁴யம் அதற்கு ஏற்கெனவே தெரியும். மோதகம் தெரியும், பிரியம் தெரியும். ஸததம் மட்டும் புதிது. இடைவிடாமல் எப்போதும் என்று பொருள் என நீங்களே சொல்லிவிடலாம். ‘விநாயகனே, மோதகத்தை விரும்புபவனே, எப்போதும் உனக்கு வணக்கம்’ என்று பிள்ளை எழுதிவிடும். ‘விநாயகன்’, ‘மோதகத்தை விரும்புபவன்’ என்று ஏ இல்லாமல் எழுதினால் கூப்பிடும் சொல்லை அடையாளம் காணவில்லை என்று பொருள், மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். சொல்லிக் காட்டும்போது ‘விநாயகா’ என்று நீட்டினால், அது மறுபடியும் முருகா, கண்ணா என்று கூப்பிடும் தமிழ்ப் பழக்கம். சமஸ்கிருதத்தில் அகரத்தில் முடியும் ஆண்பாற் பெயரைக் கூப்பிடும்போது எதையும் சேர்க்காமல் அப்படியே விட வேண்டும். நோட்டில் இருக்கும் ஸரஸ்வதி, வரதே³, காமரூபிணி ஆகியவற்றின் கீழே விநாயக, மோத³கப்ரிய இரண்டையும் சேர்த்து எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கூப்பிடாதபோது அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று எழுத வையுங்கள்: ஸரஸ்வதீ, வரதா³, காமரூபிணீ, விநாயக:, மோத³கப்ரிய:.